பி.இ.யுடன் ஒரு டிப்ளமா: கனடா விண்ணப்பத்தில் அது தரும் புள்ளி ஏழா, முப்பத்திரண்டா?

"2007 முதல் 2011 வரை கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.இ. படித்தேன். பிறகு வேலை பார்த்துக்கொண்டே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் ஓர் ஆண்டு முதுநிலை டிப்ளமா முடித்தேன். மனைவி பி.காம். இருவரும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு முயல்கிறோம். 'பி.இ.க்கு மட்டும் மதிப்பீடு வாங்கினால் போதும், டிப்ளமாவால் ஏழு புள்ளிதான் கூடும், அதற்காக அலையாதீர்கள்' என்கிறார் ஆலோசகர். அவர் சொல்வதைக் கேட்கலாமா? சான்றிதழ்களை எப்படி அனுப்புவது?" - வேளச்சேரியிலிருந்து ஒருவர்

கேட்க வேண்டாம். அவர் சொன்ன ஏழு என்பது சரியான எண்தான். ஆனால் அது பாதிக் கணக்கு. உங்கள் டிப்ளமா முறையாக மதிப்பிடப்பட்டு, ஆங்கிலத் தேர்விலும் தேவையான மதிப்பெண் வந்துவிட்டால், கூடுவது 32 புள்ளி. புள்ளி அதிகமுள்ளவர்களைச் சுற்றுச் சுற்றாக நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க அழைக்கும் முறைதான் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. அதில் ஒரு புள்ளி குறைந்ததால் அழைப்பு கிடைக்காமல் போனவர்கள் உண்டு. அங்கே 32 சிறிய தொகை அல்ல.

ஆலோசகரின் கணக்கு எங்கே நின்றுபோனது என்பதை முதலில் பார்ப்போம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கல்விக்கு இரண்டு இடங்களில் மதிப்பு உண்டு. முதல் இடம், நுழையத் தகுதி உண்டா என்று பார்க்கும் 67 புள்ளி அட்டவணை. அதில் இளநிலைப் பட்டத்துக்கு 21, இரண்டு சான்றுகள் இருந்து அவற்றில் ஒன்றாவது மூன்றாண்டுப் படிப்பாக இருந்தால் 22, முதுநிலைப் பட்டத்துக்கு 23. வித்தியாசம் மிகவும் குறைவு. 'எதற்கு அலைச்சல்' என்ற எண்ணம் பலருக்கு வருவது இதைப் பார்த்துத்தான். இந்த அட்டவணை வாசலைத் தாண்டுவதற்கு மட்டுமே. உள்ளே போன பிறகு வரிசையில் உங்கள் இடத்தை முடிவு செய்வது சி.ஆர்.எஸ். என்னும் தரவரிசைப் புள்ளி. அழைப்பு வருவதும் வராததும் அதைப் பொறுத்தது.

சி.ஆர்.எஸ்.ஸில் மனைவியோடு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு இளநிலைப் பட்டத்துக்கு 112 புள்ளி. இரண்டு சான்றுகள் என்ற வகைக்கு 119. முதுநிலைப் பட்டத்துக்கு 126. தனியாக விண்ணப்பிப்பவருக்கு இவை 120, 128, 135. ஆலோசகரின் ஏழு, 119 கழித்தல் 112. அதோடு அவர் நிறுத்திவிட்டார்.

அதே சி.ஆர்.எஸ்.ஸில் இன்னொரு பகுதி இருக்கிறது. உங்கள் படிப்பையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் பார்த்து, இவை கனடாவில் எந்த அளவுக்குப் பயன்படும் என்று தனியாகப் புள்ளி போடும் பகுதி அது. நான்கு திறன்களிலும் சி.எல்.பி. 9 என்ற மொழித் தரம் இருந்து, கையில் ஒரே ஒரு பட்டம் இருந்தால் அங்கே 25 புள்ளி. அதே மொழித் தரத்தோடு இரண்டு சான்றுகளோ முதுநிலைப் பட்டமோ இருந்தால் 50. ஆக, பி.இ. மட்டும் என்றால் 112-உம் 25-உம் சேர்ந்து 137. பி.இ.யோடு டிப்ளமாவும் என்றால் 119-உம் 50-உம் சேர்ந்து 169. இடையிலுள்ள வித்தியாசம்தான் நான் சொன்ன 32. எம்.இ. முடித்த ஒருவருக்கே 176தான் வரும். ஈராண்டு முழுநேரமாகப் படித்தவருக்கும், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் வந்த உங்களுக்கும் இடையே ஏழே புள்ளி. இது நியாயமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. விதி இப்படித்தான் இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. 2025 மார்ச் 25 முதல் வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தந்துவந்த கூடுதல் புள்ளிகளையும் எடுத்துவிட்டார்கள். சென்னையில் உட்கார்ந்தபடி விண்ணப்பிப்பவருக்குக் கூட்டிக்கொள்ளக் கிடைக்கும் வழிகள் அதனால் இன்னும் குறைந்துவிட்டன.

இந்த 50 புள்ளி ஆங்கிலத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வில் சி.எல்.பி. 9 என்றால் கேட்டலில் 8, வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் 7 வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் எழுத்தில்தான் சறுக்குகிறார்கள். மற்ற மூன்றும் அருமையாக வந்து எழுத்தில் மட்டும் 6.5 வந்தாலும் நீங்கள் சி.எல்.பி. 8 ஆகிவிடுவீர்கள். படிப்பையும் ஆங்கிலத்தையும் சேர்த்துப் பார்க்கும் அந்தப் பகுதியில் 50 இருந்த இடத்தில் 25, ஒரு பட்டம் மட்டும் உள்ளவருக்கு 25 இருந்த இடத்தில் 13. அப்போது உங்கள் இரு கணக்குகளும் 144 எதிர் 125 ஆகும். டிப்ளமாவின் லாபம் 19 ஆகச் சுருங்கிவிடும். அந்த 19 கூட ஏழைவிடப் பெரிதுதான். ஆனால் எழுத்துத் தேர்வில் அந்த அரை மதிப்பெண்ணுக்காக மீண்டும் ஒருமுறை உட்காருவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி டிப்ளமா. எல்லா டிப்ளமாவும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. கனடாவின் குடிவரவுத் துறை உங்கள் சான்றிதழின் தலைப்பைப் பார்ப்பதில்லை. அது கனடாவின் எந்த முழுமையான கல்வித் தகுதிக்கு இணை என்று மதிப்பீட்டு அறிக்கை சொல்கிறதோ அதை மட்டும் பார்க்கும். அந்த அறிக்கைதான் இ.சி.ஏ. அதைத் தர அனுமதி பெற்ற பொது நிறுவனங்கள் சிலவே. நம் ஊரில் எல்லோரும் 'வெஸ்' என்று சொல்லும் வேர்ல்டு எஜுகேஷன் சர்வீசஸ், அல்பெர்ட்டா மாகாண அரசின் ஐக்வாஸ், டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஒப்பீட்டுக் கல்விச் சேவை ஆகியவை அவற்றில் அடக்கம். மருத்துவர், மருந்தாளர், கட்டடக் கலைஞர் ஆகியோருக்குத் தனித்தனி தொழில் அமைப்புகள் உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது.

டிப்ளமா தேறுவதற்கு முதலில் அதை வழங்கிய இடம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். உங்களுடையது மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் அடிப்படை சரியாக இருக்கிறது. ஆனால் தொலைநிலைப் படிப்பு என்பதால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் சேர்ந்த கல்வியாண்டில் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருந்ததா என்பதே அது. பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருப்பதும் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டில் அனுமதி இருப்பதும் வேறு வேறு. அந்தப் பிரிவு ஆண்டுவாரியாக வெளியிட்ட பட்டியலில் உங்கள் படிப்பின் பெயரைத் தேடி, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். பிறகு கேள்வி வந்தால் கைகொடுக்கும்.

அடுத்தது காலம். படிப்பு ஓராண்டுக்குக் குறையாததாக இருக்கட்டும். தனியார் பயிற்சி மையத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கற்று வாங்கிய சான்றிதழை இரண்டாவது சான்றாகக் காட்ட முடியுமா என்று தி.நகரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதன் மேல் 'முதுநிலை டிப்ளமா' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தாலும் பயனில்லை. பல்கலைக்கழகம் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி அமைப்பு தேர்வு நடத்தி வழங்கிய சான்று வேண்டும்.

மூன்றாவது விஷயத்தை அறிக்கை வரும்வரை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. டிப்ளமாவுக்கு நேரே, தனி வரியில், முடிக்கப்பட்ட ஒரு கனடாத் தகுதி எழுதப்பட வேண்டும். 'ஓர் ஆண்டுப் படிப்பு' என்று காலத்தை மட்டும் குறிப்பிட்டு, இன்ன சான்றுக்கு இணை என்று எழுதாமல் விட்டால் அதை இரண்டாவது சான்றாகக் காட்டுவது சிக்கல். இரண்டு இந்தியத் தகுதிகளையும் சேர்த்து ஒரே கனடாத் தகுதிக்கு இணை என்று எழுதிவிட்டால் உங்களிடம் இருப்பது ஒன்றுதான். அறிக்கை கைக்கு வந்ததும் முதல் பக்கத்தின் வாழ்த்தைப் பார்த்து மகிழ்ந்து மூடிவிடாமல், ஒவ்வொரு சான்றுக்கும் எதிரே உள்ள கனடா இணைத்தகுதி வரியைத் தனித்தனியாகப் படியுங்கள்.

இவற்றைப் பார்த்த பிறகும் டிப்ளமா தேறும் என்று தோன்றினால், வெஸ் கணக்கைத் தொடங்கும்போதே இரண்டு படிப்புகளையும் ஒரே விண்ணப்பத்தில் சேருங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுமதிப்பீட்டுக்கு மீண்டும் பணமும் காலமும் செலவாகும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. நீங்கள் பட்டியலிட்ட எல்லாப் படிப்புகளின் ஆவணங்களும் வந்து சேர்ந்த பிறகுதான் மதிப்பீடு தொடங்கும். டிப்ளமாவின் ஆவணங்கள் தாமதமானால் பி.இ.யும் அதோடு சேர்ந்து காத்திருக்கும். எனவே எந்தப் பல்கலைக்கழக அலுவலகம் மெதுவாக நகரும் என்று நினைக்கிறீர்களோ அங்கே முதலில் போங்கள்.

கணக்கைத் தொடங்கும்போது விண்ணப்ப வகை இ.சி.ஏ. என்றே இருக்கட்டும். மேற்படிப்புக்கும் வேலைக்கும் வெஸ் தரும் அறிக்கைகள் வேறு. அவற்றைக் குடிவரவுக்குப் பயன்படுத்த முடியாது. பெயரில் 'மதிப்பீடு' என்று இருக்கிறதே என்று தவறான வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு மாற்றத் தவிப்பவர்கள் உண்டு.

இனி உறை. நீங்கள் பட்டச் சான்றிதழின் தெளிவான நகலைப் பதிவேற்றலாம். ஆனால் மதிப்பெண் விவரத்தை, அதாவது டிரான்ஸ்கிரிப்டை, உங்கள் கையால் அனுப்பினால் செல்லாது. அது பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும். வெஸ் கணக்கில் உங்கள் பெயரும் எண்ணும் அச்சான ஒரு கோரிக்கைப் படிவத்தை இறக்கிக்கொள்ளலாம். அதைப் பல்கலைக்கழக அதிகாரி நிரப்பி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்து டிரான்ஸ்கிரிப்டோடு ஒரே உறையில் போட வேண்டும். உறையை ஒட்டிய பிறகு, மடிப்பு உறையைச் சந்திக்கும் கோட்டின் மேல், முத்திரையின் பாதி மடிப்பிலும் பாதி உறையிலும் விழும்படி பதிக்க வேண்டும். பிரித்து மறுபடி ஒட்டினால் அந்த முத்திரை கோணலாகிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உறையின் வெளியே உங்கள் வெஸ் எண்ணைக் கண்டிப்பாக எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத உறை அங்கே போய்ச் சேர்ந்தாலும் உங்கள் கோப்போடு சேர நாளாகும். சில அலுவலகங்கள் முத்திரையிட்ட உறையை உங்களிடமே கொடுத்து கூரியரில் அனுப்பச் சொல்லும். அதில் தவறில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு அதைப் பிரித்துவிடாதீர்கள். சந்தேகமிருந்தால் மூடும் முன்பே கேளுங்கள்: எல்லா செமஸ்டர்களும் இருக்கின்றனவா, அரியர் எழுதித் தேறிய தாள்களும் ஏறியிருக்கின்றனவா என்று. அரியர் இருப்பதால் புள்ளி குறையாது. சி.ஆர்.எஸ். மதிப்பெண்ணையே பார்ப்பதில்லை. ஆனால் ஒரு செமஸ்டர் விடுபட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். மின்னணு வழியில் அனுப்பும் வசதி உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தால் இந்த உறை வேலையே வேண்டாம். முதலில் அதை விசாரியுங்கள்.

உங்கள் பி.இ.யில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. 2007-இல் அண்ணா பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டபோது கோவை வட்டாரக் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகம் கோயம்புத்தூர் என்பதன் கீழ் வந்தன. 2010-இல் அதன் பெயர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர் என்று மாறியது. 2012-இல் எல்லாம் மீண்டும் கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. எனவே உங்கள் தொடக்க செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயரும், கடைசி செமஸ்டர் பட்டியலில் இன்னொரு பெயரும், இப்போது டிரான்ஸ்கிரிப்டு வரும் உறையில் மூன்றாவது பெயரும் இருக்கக்கூடும். இதைப் பார்த்துப் பதற வேண்டாம். வெஸ் விண்ணப்பத்தில் பட்டச் சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரையே கொடுங்கள். டிரான்ஸ்கிரிப்டை இப்போதைய அண்ணா பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். இணைப்பைக் குறிப்பிட்டு ஒரு வரி அதிலேயே எழுதித் தர முடியுமா என்றும் கேட்டுப்பாருங்கள். கல்லூரி முதல்வரின் கையெழுத்தை வாங்கிக் கல்லூரியிலிருந்தே அனுப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தேர்வை நடத்தியது பல்கலைக்கழகம், ஆகவே பல்கலைக்கழகத்தின் உறைதான் வேண்டும். 2001-க்கு முன் சென்னை வட்டாரத்தில் பொறியியல் படித்த அண்ணன்மார்களுக்கும் இதே போன்ற ஒரு திருப்பம் உண்டு. அவர்களில் பலருடைய பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. அவர்கள் கிண்டியில் நின்று பயனில்லை, சேப்பாக்கம் போக வேண்டும். உங்கள் டிப்ளமாவுக்கும் சேப்பாக்கம்தான்.

பெயர் விஷயத்தை நம் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். சான்றிதழில் 'செந்தில்குமார் ரா' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயராக நிற்கும், அல்லது குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். வெஸ் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் தொடங்குங்கள். சான்றிதழில் உள்ள பெயர் வேறு என்பதைக் கேட்கும் இடத்தில் அதையும் சொல்லுங்கள். இனிஷியலின் விரிவாக்கம் இதுதான், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் எழுதிய ஓர் உறுதிமொழிப் பத்திரம் கையில் இருந்தால் நல்லது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பவர்கள் குடிவரவு விண்ணப்பத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றதைக் காலியாக விட வேண்டும் என்பது கனடா தரும் அறிவுரை. கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் மனைவி பெயரை மாற்றியிருந்தால் திருமணப் பதிவுச் சான்றிதழையும் சேர்த்து வையுங்கள்.

மனைவியின் பி.காம்.க்கும் இ.சி.ஏ. வாங்குங்கள். துணைவரின் இளநிலைப் பட்டத்துக்கு 8 புள்ளி உண்டு. அறிக்கை இல்லாவிட்டால் அது பூஜ்யம். மூன்றாண்டுப் பட்டம் செல்லாது என்ற பேச்சு சென்னையில் பரவலாக இருக்கிறது. அதை நம்ப வேண்டாம். சி.ஆர்.எஸ். அட்டவணையில் அந்த வரி 'இளநிலைப் பட்டம் அல்லது மூன்றாண்டோ அதற்கு மேலோ ஆன படிப்பு' என்றுதான் இருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கை அதை மூன்றாண்டு இளநிலைப் பட்டம் என்று எழுதினாலும் நான்காண்டு பி.இ.க்கு வரும் அதே வகையில்தான் அது சேரும். அவர் தன்னாட்சிக் கல்லூரியில் படித்திருந்தால் மதிப்பெண் பட்டியல் கல்லூரியுடையது, பட்டம் பல்கலைக்கழகத்துடையது. உறையை யார் மூட வேண்டும் என்பதை, வெஸ் தளத்தில் நாட்டையும் படிப்பையும் தேர்ந்தெடுத்தால் வரும் தேவையான ஆவணங்கள் பக்கத்தில் பார்த்துவிட்டுப் பிறகு கல்லூரிக்குப் போங்கள்.

அவருடைய அறிக்கையும் வந்தால் இன்னொரு வழி திறக்கும். குடிவரவுத் துறையின் தளத்தில் இலவசமாக உள்ள சி.ஆர்.எஸ். கணக்கியில், நீங்கள் முதன்மை விண்ணப்பதாரராக ஒருமுறையும் அவர் முதன்மை விண்ணப்பதாரராக ஒருமுறையும் போட்டுப் பாருங்கள். அவர் வயதில் இளையவராகவும் ஆங்கிலத்தில் உங்களைவிடத் தேர்ந்தவராகவும் இருந்து, வேலை அனுபவமும் இருந்தால், நீங்கள் எதிர்பாராத விடை வரலாம். வீட்டில் யார் அதிகம் படித்தவர் என்பதை வைத்து முதன்மை விண்ணப்பதாரரை முடிவு செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் சிலர் தெரியாமலேயே புள்ளிகளை இழக்கிறார்கள்.

அறிக்கை வந்த பிறகு சுயவிவரத்தை நிரப்பும்போது கவனம் வேண்டும். கல்வி வரலாற்றில் பி.இ.யையும் டிப்ளமாவையும் தனித்தனிப் பதிவாக இடுங்கள். இரண்டுக்கும் இ.சி.ஏ. உண்டு என்று சொல்லி, அறிக்கை எண்ணைக் கொடுங்கள். தகுதியின் நிலையை இந்தியப் பெயரைப் பார்த்து அல்ல, அறிக்கையில் உள்ள கனடா இணைத்தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் தனித்தனியாகத் தேறியிருந்தால் உங்களுக்குரிய வகை 'Two or more certificates, diplomas or degrees' என்று தொடங்கும் வரி. டிப்ளமா தேறாமல் போனால் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடுங்கள். ஆசைப்பட்டு மேலே ஒரு படி ஏறிக்கொண்டு அழைப்பு வாங்கினால், கோப்பைப் பார்க்கும் அதிகாரி அறிக்கையை வைத்துப் புள்ளியைத் திரும்பக் கணக்கிடுவார். அது அந்தச் சுற்றின் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போனால் விண்ணப்பம் போயிற்று. அதைத் தவறான தகவல் என்று எடுத்துக்கொண்டால் ஐந்தாண்டுத் தடை வரைக்கும் போகலாம்.

இ.சி.ஏ. அறிக்கைக்கு ஆயுள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டு. சுயவிவரம் போடும் நாளில் மட்டும் அது உயிரோடு இருந்தால் போதாது. அழைப்பு வந்து, நிரந்தர வசிப்புரிமைக்கான விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளிலும் செல்லுபடியாக இருக்க வேண்டும். அழைப்புக்குப் பிறகு உங்களுக்குக் கிடைப்பது 60 நாள். அந்த நாட்களுக்குள் ஓர் அறிக்கையைப் புதுப்பிக்க நினைப்பது வீண் பதற்றம். பழைய அறிக்கையை வைத்திருக்கும் உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த அறிக்கை குடிவரவுப் புள்ளிக்கு மட்டும். கனடாவில் பொறியாளர் என்று உரிமம் பெற்றுக் கையெழுத்திட அந்தந்த மாகாணத்தின் பொறியாளர் அமைப்பிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் உங்கள் பி.இ.யைத் தங்கள் அளவுகோலில் மறுபடி எடைபோடுவார்கள். மென்பொருள் வேலை பார்ப்பவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. கட்டுமானத் துறையில் இருந்தால் அந்தச் செலவையும் காலத்தையும் இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிப்ளமா வரி நீங்கள் நினைத்தபடி வராவிட்டால், முதலில் ஆவணம் ஏதேனும் விடுபட்டதா என்று பாருங்கள். படிப்பின் காலம் ஓராண்டு என்பது டிரான்ஸ்கிரிப்டில் எங்கும் எழுதப்படாமல் போனதால் குழப்பம் வருவதுண்டு. அப்படியென்றால் பல்கலைக்கழகத்திடம் காலத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்கி அனுப்பி, மறுபரிசீலனை கேட்கலாம். ஆவணமெல்லாம் சரியாக இருந்தும் மதிப்பீடு அப்படித்தான் என்றால், அனுமதி பெற்ற இன்னொரு நிறுவனத்திடம் புதிதாக இ.சி.ஏ. வாங்குவதை விதி தடுப்பதில்லை. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. ஆனால் உறைகளை மறுபடி முதலிலிருந்து மூட வேண்டும், கட்டணமும் மறுபடி. 32 புள்ளி உங்களை வெட்டுப்புள்ளிக்கு மேலே தூக்குமா என்பதைக் கடந்த சில சுற்றுகளின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அந்த இரண்டாவது செலவில் இறங்குங்கள்.